மொட்டைத் தலையும் சட்டை வரியும்

பள்ளிக்கூடத்தில் தொண்ணூற்று நாலு வாங்கினால் பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். இந்த ஆபீஸில் தொண்ணூற்று நாலு வாங்கினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்வார்கள். காலை பத்தேகாலுக்குச் சுவரில் ஒட்டிய தாளில் தன் பெயருக்கு நேரே அந்த எண்ணைப் பார்த்தபோது இஸ்திரிக்காவுக்கு முதலில் வலித்தது மனசு இல்லை, கெண்டைக்கால்.

ஒன்பது வருஷம் நின்றே வேலை பார்த்த கால் அது. பனியன் கம்பெனியில் இஸ்திரி மேசை. காலையில் நிற்க ஆரம்பித்தால் மதியம் சாப்பிடத்தான் உட்காரலாம். ஒரு நாளைக்கு அறுநூறு டி-சர்ட்டு தேய்த்து, மடித்து, அடுக்க வேண்டும். ஒன்பதாவது வருஷம் முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாகச் சுருண்டு, மண்ணுக்குள் புழு நெளிகிற மாதிரி தெரிய ஆரம்பித்தது. "நின்னா இன்னும் ரெண்டு வருஷம், உக்காந்தா இன்னும் இருபது வருஷம். நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்றார் டாக்டர். உட்கார்ந்து பார்க்கும் வேலை தேடினாள். கிடைத்தது இந்த ஆபீஸ்தான். முப்பத்தெட்டு வயசில், பன்னிரண்டு பேர் கொண்ட பயிற்சிக் கும்பலில் சேர்ந்தாள். வந்த முதல் நாளே முன்கையில் இருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்து அவளுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

வேலை கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்களாம். அதற்காக எங்கெங்கோ எடுத்த படங்கள் வரும். கடை பலகை, மருந்து பாட்டில், லாரியின் பின்பக்கம், சட்டை, குடை. அதில் இருக்கும் எழுத்தை அப்படியே தட்ட வேண்டும். சட்டம் மூன்றே மூன்று. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது, ஊகம் கூடாது. மறைந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு # போடு. வரி எங்கே உடைகிறதோ அங்கேயே உடை. ஒரு வரியை ரெண்டாக்கினாலும் தப்பு, ரெண்டை ஒன்றாக்கினாலும் தப்பு.

மூன்று மாசப் பயிற்சி முடிந்து, நேற்று பரீட்சை. பன்னிரண்டு பேருக்கும் அதே நூறு படம். தொண்ணூற்றைந்து சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இல்லை.

மற்ற பதினோரு பேரும் தேறிவிட்டார்கள். அடுத்த நாற்காலிக்காரி, இரட்டைப் பிள்ளை பெற்றவள், அதனாலேயே எல்லோருக்கும் 'ரெட்டை', தொண்ணூற்று ஏழு. கடைசி வரிசையில் இருக்கும் மீசைக்காரன் நூற்றுக்கு நூறு. காலையிலேயே மிட்டாய்ப் பொட்டலத்தோடு நாற்காலி நாற்காலியாகப் போய்க்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்துக்குள் அவனுக்குப் பெயர் 'நூறு' என்றாகிவிட்டது.

"எதுலக்கா போச்சு?" என்று ரெட்டை காதுக்குள் கேட்டாள்.

"பாக்கணும்."

தன் திரையில் தப்புப் பட்டியலைத் திறந்தாள். ஆறு தப்பு. முதல் ஐந்தும் தப்புதான், மறுப்பதற்கில்லை. ஓர் இடத்தில் 'ர'வுக்குக் கால் போட்டிருந்தாள், இன்னோர் இடத்தில் ஒரு புள்ளியை விட்டிருந்தாள். பசி நேரத்துத் தப்பு. ஆறாவதைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

படத்தில் ஒரு காத்திருப்புக் கூடம். வரிசையாக இரும்பு நாற்காலி. அதில் ஒன்றில் ஒரு பெரிய மனிதர், மொட்டைத் தலை, வாயைப் பிளந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்குகிறார். போட்டிருப்பது வி கழுத்து வைத்த கறுப்பு டி-சர்ட்டு. அதில் வெள்ளை எழுத்து. தோள் பையின் வார் ஒரு தோளிலிருந்து மறுபக்க இடுப்பு வரை மார்பின் குறுக்கே ஓடுகிறது. பை மடியில் உட்கார்ந்து சட்டையின் கீழ்க்கோடியை மறைத்திருக்கிறது.

அவள் தட்டியிருந்தது இது:

முடியாது
என்பது
கிடை#

சரி என்று விடைத்தாள் சொன்னது இது:

முடி
யாது
என்பது
கிடை#

பதினோரு பேரும் விடைத்தாள் மாதிரியே நாலு வரி எழுதியிருந்தார்கள். அவள் ஒருத்தி மட்டும் மூன்று வரி.

"யாருக்கா இந்த மொட்டை? நானும் பாத்தேன். தூங்கு மூஞ்சி" என்றாள் ரெட்டை.

"மொட்டைய விடு. எழுத்தப் பாரு. ரெண்டு வரியா அது?"

"மேல முடி, கீழ யாது. ரெண்டுதானே?"

"உனக்கு ரெண்டே பழக்கமாப் போச்சு" என்று சொல்லிவிட்டு இஸ்திரிக்கா எழுந்து போனாள்.

அந்த மூன்று சட்டத்தையும் விடைத்தாளையும் எழுதியவர் திருத்துநர். முன்பு ஓர் அச்சகத்தில் பதினாலு வருஷம் பிழை திருத்தியவர். ஒல்லி, கண்ணாடி, சட்டைப் பையில் நாலு பேனா. ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'புள்ளி'. அது அவருக்கும் தெரியும், உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு.

"சார், எழுபத்தி ரெண்டாவது படம். நான் எழுதினது சரி."

புள்ளி தலையைத் தூக்கவில்லை. "தப்பு."

"படத்தைக்கூடப் பாக்கலியே சார்."

"பாக்க வேண்டாம்மா, மனசுல இருக்கு. பயிற்சியில எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? எழுத்து கீழ இறங்கினா நீங்களும் கீழ இறங்கணும். முடி மேல இருக்கு. யாது கீழ இருக்கு. இறங்கிருக்கா இல்லியா?"

"இறங்கிருக்கு. ஆனா அது எழுத்து இறங்கல சார். துணி இறங்கியிருக்கு."

இப்போது அவர் தலையைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல எழுந்து வந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்தே காத்திருந்த சிரிப்பு.

"அதுல ஒரு நயம் இருக்கும்மா. நீங்க அதைக் கவனிக்கல. முடி யாது? யாதுன்னா என்ன. முடி என்பது என்ன? சட்டையைப் போட்டிருக்கிறது யாரு? மொட்டை!" மேசையைத் தட்டினார். "ஒரு வழுக்கை மனுஷன் உலகத்தைப் பாத்து, 'முடின்னா என்னப்பா?'ன்னு கேக்குறான். எழுதினவன் சாதாரண ஆள் இல்ல. நேத்து வீட்ல சொன்னேன், என் சம்சாரம் அஞ்சு நிமிஷம் சிரிச்சா."

"சார், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க சட்டைக்கும் போடுறீங்க. அவரு மொட்டைங்கிறதுக்காக வரி உடையுமா? முடியாது என்பது கிடையாது. அவ்வளவுதான். எந்தக் கடையிலயும் தொங்குற சட்டை."

புள்ளி இதற்காகத்தான் காத்திருந்தவர் மாதிரி விரலை நீட்டினார். "கிடையாதுன்னு எப்படிச் சொல்றீங்க? கிடைக்கு அப்புறம் பை மறைச்சிருக்கு. நீங்களே # போட்டிருக்கீங்க. கிடைக்கும்னு இருக்கலாம். கிடைத்ததுன்னு இருக்கலாம். ஊகம் கூடாது. முதல் சட்டம்."

 அவர் சொன்னது நியாயம்தான் என்று இஸ்திரிக்காவுக்குப் பட்டது. மறைந்த எழுத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. கெண்டைக்கால் மறுபடி சுண்டியது. நின்றுகொண்டே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"சரி சார், அர்த்தம் வேண்டாம். துணியை வச்சே நிரூபிக்கிறேன். முறையீடு குடுக்கலாம்ல?"

"குடுக்கலாம். மேலாளர்தான் கேப்பாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பட்டியல் போயிடும், அதுக்குள்ள குடுங்க." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "எனக்கு உங்க மேல கோவம் ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

"எனக்கும் இல்ல சார். ஆனா உங்க நயத்துக்காக நான் திரும்பப் போய் நிக்க முடியாது."

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் போன் செய்தாள். வீட்டுக்காரரின் அக்கா. அதே பனியன் கம்பெனியில் இஸ்திரிப் பகுதிக்கு அவள்தான் மேஸ்திரி. அன்பும் அவளிடம் அதிகாரமாகத்தான் வெளியே வரும்.

"என்ன, ரிசல்ட்டு வந்திருச்சா?"

"வந்திருச்சு அண்ணி. ஒண்ணுல நிக்குது."

"போனா போகுது விடு. உன் மேசைய இன்னும் யாருக்கும் குடுக்கல. மூலையில ஃபேன் காத்து வர்ற மேசை. மூணு மாசமா எத்தன பேரு கேட்டாங்க தெரியுமா? என் தம்பி பொண்டாட்டி வருவான்னு வச்சிருக்கேன். திங்கக்கிழமை வந்து நில்லு."

'நில்லு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் இஸ்திரிக்கா சோற்றுப் பாத்திரத்தை மூடினாள். "சாயங்காலம் சொல்றேன் அண்ணி" என்று வைத்தாள்.

மூன்று மணிக்கு மேலாளர் அறையில் விசாரணை. அறை என்றால் கண்ணாடித் தடுப்புதான். உள்ளே நடப்பது எல்லோருக்கும் தெரியும், கதவு திறந்திருந்தால் கேட்கவும் செய்யும். கதவைத் திறந்தே வைத்தாள் ரெட்டை, காற்று வரட்டும் என்று.

மேலாளர் நல்ல மனிதர். ஆள் பெருத்த ஆள். அவருக்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்றே ஒன்று, தகராறு. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸ் டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு வருவார். நீலத் துணி, மஞ்சள் எழுத்து. மேல் வரியில் 'பிழையின்றி', கீழ் வரியில் 'எழுதுவோம்'. தைத்தபோது அளவு சரியாக இருந்திருக்கும். இப்போது தொப்பைமேல் 'எழுதுவோம்' அகலமாக இழுபட்டு, அச்சு வெடித்து, எழுத்துக்கு நடுவே நீலம் தெரிந்தது.

"என்ன பிரச்சினை? வரியா?" என்றார். "வரி கட்டுறதெல்லாம் கணக்குப் பிரிவுதானே?"

"அந்த வரி இல்ல சார். சட்டை வரி" என்றார் புள்ளி.

"சட்டைக்கும் வரி போட்டுட்டாங்களா?"

விஷயத்தைப் புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது. படத்தைச் சுவர்த் திரையில் போட்டார்கள். மொட்டை மனிதர் ஆளுயரத்துக்கு வாயைப் பிளந்து தூங்கினார். மேலாளர் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"சொல்லுங்கம்மா."

இஸ்திரிக்கா திரைக்கு அருகில் போனாள். பேசுவதற்கு முன்பு அவளுடைய கை தன்னால் எழுந்து, படத்தில் இருந்த சட்டையை நீவிவிட்டது. பழக்க தோஷம். கதவருகில் யாரோ சிரித்தார்கள்.

"சார், கழுத்தப் பாருங்க. வி கழுத்து. அந்த வி முனை இருக்கே, அதுதான் முன்பக்கத்துக்கு நடு. அச்சுப் போடும்போது சட்டையை நெடுக ரெண்டா மடிச்சு நடுக் கோடு எடுப்பாங்க, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி வர்ற மாதிரிதான் இந்த மாதிரி எழுத்தெல்லாம் அடிப்பாங்க. நான் ஒன்பது வருஷம் மடிச்சிருக்கேன். இப்ப பாருங்க. முடி எங்க இருக்கு? முழுசா இடப்பக்கம். யாது எங்க இருக்கு? முழுசா வலப்பக்கம். ரெண்டும் தனித் தனி வரின்னா, முடியும் நடுவுல நிக்கணும், அதுக்கு நேர் கீழ யாதும் நடுவுல நிக்கணும். நிக்கலியே. ஒண்ணு இந்த ஓரம், ஒண்ணு அந்த ஓரம். நடுவுல என்ன இருக்கு? பை வாரு."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். புள்ளி கண்ணாடியைச் சரிசெய்தார்.

"என்பது பாருங்க, அதோட நடு, வி முனைக்கு நேர் கீழ வருது. ஏன்னா வாரு அங்க தள்ளிப் போயிருச்சு, அந்த வரியத் தொடல. யாது மட்டும் சாஞ்சு நிக்குது. யா-வோட முதல் கால் வாருக்குள்ள போயி நசுங்கியிருக்கு. ஆளு வலப்பக்கம் சாஞ்சு தூங்குறாரு, அந்தத் தோள் இறங்கிருக்கு, தோளோட துணியும் இறங்கிருக்கு. வாரு நடுவுல ஆணி அடிச்ச மாதிரி அழுத்திப் பிடிச்சிருக்கு. அதான் இந்தப் பக்கம் அப்படியே நிக்குது, அந்தப் பக்கம் சறுக்கிருச்சு."

"சிலர் வேணும்னே படிக்கட்டு மாதிரி எழுத்தை இறக்கி அச்சடிப்பாங்க சார்" என்றார் புள்ளி. "இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு. நான் பாத்திருக்கேன். இது அப்படி இல்லன்னு எப்படிச் சொல்றது? துணி அவ்வளவு தூரம் சறுக்குமா? இது அவங்க சொல்றது, ஆதாரம் இல்ல."

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே சலசலப்பு. நூறு உள்ளே தலையை நீட்டினான். "சார், நான் படிக்கட்டுன்னுதான் நெனச்சேன். பதினோரு பேரு ரெண்டு வரின்னு எழுதியிருக்கோம். பதினோரு பேருமா முட்டாளு?"

"உன்னைய யாரு கேட்டா? மிட்டாய் தின்னுட்டு உக்காரு" என்றாள் ரெட்டை. அவளும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் இல்லை.

"ஆதாரம் தானே வேணும்?" என்றாள் இஸ்திரிக்கா. அவள் கண் மேலாளரின் நெஞ்சில் போய் நின்றது. அங்கேயே நின்றது. மேலாளர் அசௌகரியமாகத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு நிமிஷம் தூங்குவீங்களா?"

"இப்பவா?"

"சும்மா தூங்குற மாதிரி. ரெட்டை, உன் பையக் குடு."

ரெட்டையின் தோள் பை வந்தது. உள்ளே இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டிய மாற்றுத் துணி, பால் பாட்டில், மரப் பொம்மை எல்லாம் இருந்ததால் நல்ல கனம். வாரை மேலாளரின் ஒரு தோளில் போட்டு, மறுபக்க இடுப்புக்குக் கொண்டுவந்து, பையை மடியில் வைத்தாள். "இந்தப் பக்கமாச் சாய்ங்க சார். இன்னும். தோளை விடுங்க. பயணத்துல களைச்சுப்போன மாதிரி." மேலாளருக்கு நடிப்பில் ஒரு சபலம் இருந்திருக்க வேண்டும். வாயையும் பிளந்தார். மதியச் சாப்பாட்டு வேளை முடிந்த நேரம், நாற்காலியும் மெத்தென்ற நாற்காலி. கண்ணும் தானாகச் சொருகியது.

ரெட்டை போனில் படம் எடுத்தாள். சுவரில் மொட்டை மனிதருக்குப் பக்கத்தில் மேலாளரைப் போட்டார்கள். இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி தூங்கினார்கள்.

'பிழை' மேலே இடப்பக்கம் இருந்தது. 'யின்றி' வலப்பக்கம் சறுக்கிக் கீழே கிடந்தது, அதன் முதல் எழுத்து வாருக்குள் பாதி போயிருந்தது. அதற்கும் கீழே, தொப்பையின் மேட்டில், 'எழுதுவோம்' மட்டும் தெள்ளத் தெளிவாக.

வாசலில் நின்றவர்களில் யாரோ உரக்கப் படித்தார்கள். "பிழை... எழுதுவோம்."

சிரிப்பில் மேலாளர் விழித்துக்கொண்டார். நாற்காலி பிடித்த கையோடு எழுந்து நின்றார். வார் தளர்ந்தது, துணி இறங்கி நேரானது, 'பிழையின்றி' மறுபடி ஒரே வரியாக ஒட்டிக்கொண்டது. எல்லோர் கண்ணும் அதைப் பார்த்தது. ஆனாலும் புள்ளி ஒருவர்தான் அருகில் வந்து, குனிந்து, மேலாளரின் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தார்.

"திருத்துநர் சார்," என்றாள் இஸ்திரிக்கா, "இந்தப் படம் பரீட்சையில வந்திருந்தா எப்படி எழுதுவீங்க? எழுத்து கீழ இறங்கிருக்கு. பிழை ஒரு வரி, யின்றி ஒரு வரின்னா?"

"அதெப்படி? யி-யில சொல்லே தொடங்காதும்மா. இலக்கணத்துலயே இல்ல. யின்றின்னு ஒரு சொல் கிடையவே கிடையாது. அது பிழையின்றியோட..."

பாதியிலேயே நிறுத்திவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் ஒருமுறை மூடித் திறந்தது.

"யாதுன்னு ஒரு சொல் இருக்கு," என்றாள் இஸ்திரிக்கா மெதுவாக. "அதான் சார். சொல் இருந்ததால உடைச்சிட்டீங்க. இல்லேன்னா ஒட்டியிருப்பீங்க. ரெண்டுமே கண்ணால பாத்தது இல்ல. அர்த்தத்தால பாத்தது."

 முதல் சட்டத்தை எழுதியவரே முதல் சட்டத்தில் வழுக்கி விழுந்திருந்தார். அதுவும் மொட்டைத் தலையில் வழுக்கி.

தகராறு பிடிக்காத மேலாளர் இந்த இடத்தில் புகுந்தார். "சரி, சரி. ரெண்டு பேரும் சொல்றதுல நியாயம் இருக்கு. எதுக்கு வம்பு? அந்தப் படத்தையே தூக்கிடுங்க. யாருக்கும் லாபம் இல்ல, நஷ்டம் இல்ல. பரீட்சையில தொண்ணூத்தொம்பது படம். முடிஞ்சுது."

நூறு வாசலில் கையைத் தட்டினான். தொண்ணூற்றொன்பதுக்குத் தொண்ணூற்றொன்பது என்றால் அதுவும் நூறு சதவீதம்தான்.

ரெட்டை போனில் கணக்குப் போட்டாள். ஒருமுறைக்கு இருமுறை போட்டாள். "அக்கா," என்றாள், குரல் இறங்கி, "உனக்கு மீதி அஞ்சு தப்பு. தொண்ணூத்தொம்பதுல தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தி நாலு புள்ளி ஒம்பது நாலு வருது."

"தொண்ணூத்தி அஞ்சுதானே அது?" என்றாள் இஸ்திரிக்கா.

"கிட்டத்தட்ட" என்றார் மேலாளர், சங்கடமாக. "ஆனா மென்பொருள்ல கிட்டத்தட்டன்னு ஒரு கட்டம் இல்லியேம்மா. தொண்ணூத்தி அஞ்சுக்குக் கீழன்னா அதுவே பேரை அடிச்சிரும்."

இஸ்திரிக்கா பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தோற்றிருந்தால்கூட இவ்வளவு கசந்திருக்காது. ஜெயித்து, நிரூபித்து, மேலாளரைத் தூங்கவைத்து, அதற்கப்புறமும் திங்கட்கிழமை போய் அந்த மூலை மேசையில் நிற்க வேண்டுமா?

"சரின்னு சொல்லிட்டு ஆளைத் தூக்குறதுக்கு, தப்புன்னு சொல்லியே தூக்கியிருக்கலாமே சார்" என்றாள். குரல் உடையவில்லை. உடைந்தால் நன்றாக இருக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தூக்கக் கூடாது" என்றார் புள்ளி.

"அவங்களையா?" என்றார் மேலாளர்.

"படத்தை." புள்ளி சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். எழுத எதுவும் இல்லை, சும்மா கையில் பிடித்துக்கொண்டார். "படத்துல எந்தக் கோளாறும் இல்ல சார். எழுத்து தெளிவா இருக்கு, வெளிச்சம் நல்லா இருக்கு. தெளிவா இருக்கிற படத்தை எதுக்குத் தூக்கணும்? என் விடைத்தாள் தப்பு. தப்பைத் திருத்துறதுதான் என் வேலை. அச்சகத்துல பதினாலு வருஷம் மத்தவங்க தப்பைத் திருத்தினேன். அப்ப யாரும், 'பிழை இருக்கு, அதனால பக்கத்தையே கிழிச்சிருங்க'ன்னு சொன்னதில்ல."

"உங்க பேருல ஒரு பிழை பதிவாகும்."

"ஆகட்டும்." பேனாவைத் திரும்பப் பையில் செருகினார். "முதல் பிழை."

"சார்!" என்று நூறு வாசலிலிருந்து அலறினான். "அப்ப எனக்கு?"

"தொண்ணூத்தொம்பது."

"சார், நான் மிட்டாய் குடுத்துட்டேன்!"

"ஒரு மிட்டாயைத் திருப்பி வாங்கிக்கோ" என்றாள் ரெட்டை. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அய்யோ, எனக்கும் ஒண்ணு போகுமே! தொண்ணூத்தாறா?" இஸ்திரிக்காவைப் பார்த்து முறைத்தாள். "பைய வேற நானே குடுத்தேன் பாரு."

புள்ளி பதினோரு பேரின் மதிப்பெண்ணையும் சரிபார்த்தார். மிகக் குறைவாக வாங்கியிருந்தவருக்கும் ஒன்று போனால் தொண்ணூற்றைந்து மிஞ்சியது. யாரும் விழவில்லை. எழுபத்திரண்டாம் படத்தைத் திறந்து, 'முடி'க்கும் 'யாது'வுக்கும் இடையே கர்சரை வைத்தார். வைத்துவிட்டுச் சற்று நேரம் திரையையே பார்த்தார். ஐந்து நிமிஷம் சிரித்த மனைவியிடம் இன்றைக்கு என்ன சொல்வது என்று யோசித்திருப்பார். பிறகு ஒரே ஒரு விசையைத் தட்டினார். இரண்டு வரியும் ஒன்றாகச் சேர்ந்தன. முடியாது.

"நல்ல நயம் சார் அது" என்றாள் இஸ்திரிக்கா. நிஜமாகத்தான் சொன்னாள். "சட்டை மட்டும் சம்மதிக்கல."

"நாலாவது சட்டம் ஒண்ணு எழுதணும்" என்றார் அவர், ஒரு தாளை இழுத்தபடி. "மடிப்பு வேற, வரி வேற. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். சொன்னாள். கழுத்து நடுவைப் பார், எழுத்து அதற்கு இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா பார். எழுத்து சாய்ந்திருந்தால் துணியும் சேர்ந்து சாய்ந்திருக்கிறதா பார். மடிப்பின் ஓரத்தில் எழுத்து முழுசாக நிற்கிறதா, வெட்டுப்பட்டு உள்ளே போகிறதா பார். வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே இன்னும் துணி இருக்கிறது, எழுத்தும் இருக்கலாம், # போடு. எழுத்து திடீரென்று அகலமாகி அச்சு வெடித்திருந்தால் அது வேறு எழுத்து இல்லை, கீழே தொப்பை இருக்கிறது. கடைசியைச் சொன்னபோது மேலாளர் இருமினார். புள்ளி அதையும் எழுதினார், 'தொப்பை' என்பதை அடித்து 'உடல் வளைவு' என்று திருத்தி.

ஐந்து மணிக்குப் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். தொண்ணூற்றைந்து. ஒன்றும் கூடுதல் இல்லை, ஒன்றும் குறைவு இல்லை. கூடவே திங்கட்கிழமைக்கான வேலைப் பங்கீடும் ஒட்டியிருந்தது. ரெட்டைக்குக் கடைப் பலகை. தொண்ணூற்றொன்பதுக்கு மருந்துச் சீட்டு. இஸ்திரிக்காவுக்கு நேராக, புள்ளியின் சின்னச் சின்ன, புள்ளி தப்பாத கையெழுத்தில்: டி-சர்ட்டு, நாலாயிரத்து முந்நூறு படம்.

வாசலுக்கு வருமுன் நாத்தனார் போன்.

"என்னாச்சு?"

"தேறிட்டேன் அண்ணி. நிரந்தரம்."

 மறுமுனையில் இஸ்திரிப் பெட்டிகள் ஆவி விடும் சத்தம் உஸ் உஸ்ஸென்று கேட்டது. "நல்லதுதான் போ" என்றாள் நாத்தனார், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் அதட்டலாக. "அப்ப மேசைய வேற ஆளுக்குக் குடுத்திரட்டா? என்ன வேலை போட்டிருக்காங்க உனக்கு?"

"டி-சர்ட்டு."

"என்னது?"

"டி-சர்ட்டு பாக்குற வேலை. நாலாயிரத்து முந்நூறு."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. பக்கத்து மேசைக்காரிகளிடம் அவள் கத்திச் சொல்வது கேட்டது. அவர்களும் சிரித்தார்கள். "ஏண்டி, இங்கயும் அதே சட்டை, அங்கயும் அதே சட்டையா? இதுக்கா மூணு மாசம் படிச்ச? அங்க போயி என்னத்தடி கண்ட?"

இஸ்திரிக்கா பேருந்து நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி, கெண்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"நாற்காலிய அண்ணி" என்றாள். "உக்காந்துக்கிட்டுப் பாக்குறேன்."